ஒரே தகராறு, இரண்டு நாட்டுச் சட்டம்: செட்டிநாட்டுக் குடும்பக் கம்பெனி ஒன்றின் நடுவர் வழக்கு

இது காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்தது. அடையாளம் தெரியாதபடி ஊர்ப்பெயரும் ஆட்களின் பெயரும் விடப்பட்டுள்ளன. தொகைகள் முழு எண்களாக்கப்பட்டுள்ளன. தகராறில் உள்ளவர்கள் தாங்களே ஒப்பந்தப்படி நியமிக்கும் நடுவரிடம் எந்தத் தகராறு போகலாம், எது நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியாவும் சிங்கப்பூரும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. அந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் வழக்கை எப்படித் திசை திருப்பியது என்பதைப் பதிவு செய்வதே நோக்கம். கடல் தாண்டிய உறவும் சொத்தும் உள்ள குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். அவர்களுடைய ஒப்பந்தங்களில் இதே மாதிரி ஷரத்து எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பின்னணி

அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவரும் இரண்டாமவரும் ஊரில் இருக்கிறார்கள். இளையவர் சிங்கப்பூரில் குடியுரிமை பெற்று அங்கேயே வேலை, வீடு, குடும்பம் என்று இருப்பவர். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் குடும்ப வீட்டின் ஒரு பகுதியைத் தங்கும் விடுதியாக நடத்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினார்கள். வீடு கம்பெனியின் சொத்து அல்ல. அது பங்காளிகள் பலருக்கும் பொது. கம்பெனிக்குக் குத்தகை மட்டுமே உண்டு.

கம்பெனியில் மொத்தம் 1,00,000 பங்குகள். முகமதிப்பு பங்குக்கு ரூ.100. மூத்தவரிடம் 44,000, இரண்டாமவரிடம் 30,000, இளையவரிடம் 26,000. இந்த 26 என்ற எண் யோசித்து வைக்கப்பட்டது. சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்ப்பு வாக்கைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். 26 விழுக்காடு எதிராக நின்றால் மீதி 74ஐ வைத்து அதை நிறைவேற்ற முடியாது. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அப்பச்சி விட்டுப்போன பாதுகாப்பு அது.

2014இல் மூவரும் ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இந்த வழக்குக்கு வேண்டிய ஷரத்துகள் நான்கு. மூவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பங்கு விகிதம் மாறக்கூடாது. மாறினால், மாற்றியவர் பாதிக்கப்பட்டவரின் பங்குகளைப் பழைய விகிதத்தின்படி மதிப்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மூத்தவர் இளையவருக்கு ஆண்டுக்கு ரூ.6 லட்சம் தர வேண்டும். நான்காவது, நடுவர் ஷரத்து: கம்பெனி நிர்வாகம் பற்றியவை உட்பட எல்லாத் தகராறும் சிங்கப்பூரை இருக்கையாகக் கொண்ட ஒற்றை நடுவரால் தீர்க்கப்படும். ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் பொருந்தும்.

இருக்கை என்பது நடுவர் உட்காரும் ஊர் என்பதைவிடப் பெரிய பொருள் கொண்டது. எந்த நாட்டு நீதிமன்றம் அந்த நடுவர் விசாரணையைக் கண்காணிக்கும், அதன் தீர்ப்பை எங்கே ரத்து செய்யக் கோரலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இளையவர் அங்கே இருக்கிறார் என்பதற்காகச் சிங்கப்பூர் என்று எழுதியிருந்தார்கள். நடுவர் ஷரத்துக்கென்று தனியாக எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதவில்லை. ஒப்பந்தத்தின் விதிகளை, கம்பெனியின் உள் நிர்வாகத்தை வகுக்கும் ஆவணமான சங்க விதிகளில் சேர்க்கவும் இல்லை. இந்த இரண்டு விடுபடல்களும் பின்னால் வந்து நின்றன.

என்ன நடந்தது

2021 நவம்பரில் கம்பெனி 50,000 புதிய பங்குகளை முகமதிப்பிலேயே, அதாவது ரூ.100க்கு, உரிமைப் பங்காக வெளியிட்டது. உரிமைப் பங்கு என்றால் இருப்பவர்களுக்கே அவரவர் விகிதப்படி முதலில் கொடுக்க முன்வர வேண்டும். இளையவருக்கு 13,000 பங்கு வந்திருக்க வேண்டும். கடிதம் அனுப்பப்பட்டது; ஆனால் ஊர் வீட்டு முகவரிக்கு. கெடு 15 நாள். அது அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டாமவர் கையில் பணம் இல்லை என்று ஒதுங்கிவிட்டார். மூத்தவர் தன் 22,000ஐ எடுத்துக்கொண்டார். யாரும் எடுக்காமல் மீந்த 28,000ஐ இயக்குநர் குழு மூத்தவரின் மகனுக்கு ஒதுக்கியது.

சட்டத்தின் வடிவம் எங்கும் மீறப்படவில்லை. உரிமைப் பங்குக்குச் சிறப்புத் தீர்மானம் தேவையில்லை. மீந்ததை ஒதுக்க இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். மொத்தம் 1,50,000 ஆன பிறகு மூத்தவரும் மகனும் சேர்ந்து 94,000, அதாவது 62.67 விழுக்காடு. இளையவர் 17.33 விழுக்காடு. தடுக்கும் பலம் போய்விட்டது.

பணத்தில் கணக்கிட்டால் இழப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். மதிப்பீட்டாளர் வெளியீட்டுக்கு முன் கம்பெனிக்குப் போட்ட மதிப்பு ரூ.12 கோடி, பங்குக்கு ரூ.1,200. அதை ரூ.100க்குக் கொடுத்ததால் உள்ளே வந்த பணம் ரூ.50 லட்சம் மட்டும். வெளியீட்டுக்குப் பின் ரூ.12.5 கோடியை 1,50,000ஆல் வகுத்தால் பங்குக்கு ரூ.833.33. இளையவரின் 26,000 பங்கு ரூ.3.12 கோடியிலிருந்து ஏறத்தாழ ரூ.2.17 கோடிக்கு இறங்கியது. அவர் பாக்கெட்டிலிருந்து யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை, ஆனாலும் ரூ.95 லட்சத்துக்கு மேல் இடம் மாறிவிட்டது.

2022 நடுவில், ஆண்டுத் தொகை வராததால் சந்தேகப்பட்டு, நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பொது ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி எடுத்துப் பார்த்தார். PAS-3 என்ற பங்கு ஒதுக்கீட்டு அறிக்கையில் மகனின் பெயரும் 28,000 என்ற எண்ணும் இருந்தன. வெளிநாட்டிலிருக்கும் பங்குதாரர் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதை எடுத்துப் பார்ப்பது நல்லது; ஊரிலிருந்து சேதி வருவதற்குக் காத்திருந்தால் பல நேரம் காலம் கடந்துவிடும்.

பங்காளிகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். "வீட்டுச் சண்டையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகலாமா தம்பி, இங்கேயே முடிச்சுக்குவோம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். மூத்தவர் ஆண்டுத் தொகையைத் தர ஒப்புக்கொண்டார். பங்கைத் திருப்ப மறுத்தார். பேச்சு அங்கே முறிந்தது.

கையில் இருந்த தகராறுகளைப் பிரித்தது

வக்கீல்கள் முதலில் செய்த வேலை, 'அண்ணன் ஏமாற்றிவிட்டார்' என்ற ஒற்றைக் குறையைச் சட்டம் பார்க்கும் விதத்தில் துண்டுகளாகப் பிரித்தது. நடுவர் ஷரத்து 'எல்லாத் தகராறும்' என்று சொன்னாலும், எல்லாவற்றையும் நடுவரிடம் அனுப்பும் அதிகாரம் கையெழுத்திட்டவர்களுக்கு இல்லை.

இந்தியாவில் இதற்கான அடிப்படை, உச்ச நீதிமன்றம் 2011இல் பூஸ் ஆலன் வழக்கில் சொன்னது. இரண்டு ஆட்களுக்குள் மட்டும் உள்ள உரிமை நடுவரிடம் போகலாம். உலகத்தார் எல்லாரையும் கட்டுப்படுத்தும் உரிமை போகக்கூடாது. குற்ற வழக்கு, மணவிலக்கு, காப்பாளர் நியமனம், திவால், உயிலின் மெய்ப்பு, தனிச்சட்டம் காக்கும் வாடகைதாரரை வெளியேற்றுவது ஆகியவற்றை அந்தத் தீர்ப்பு விலக்கிவைத்தது. 2020 டிசம்பரில் வித்யா துரோலியா வழக்கு இதை நான்கு சோதனைகளாக விரித்தது. தகராறின் பொருள் எல்லாரையும் கட்டும் உரிமையா, மூன்றாம் ஆட்களின் உரிமையைத் தொட்டு ஒரே மன்றத்தில் தீர்க்க வேண்டியதா, அரசின் கைவிடக்கூடாத பொதுப்பணியைச் சேர்ந்ததா, ஏதாவது ஒரு சட்டம் வெளிப்படையாகவோ மறைபொருளாகவோ நடுவரை விலக்குகிறதா என்பவை அவை. நான்காவதுதான் இந்தக் குடும்பத்துக்கு வினையானது.

ஆண்டுக்கு ரூ.6 லட்சம் என்பது சாதாரணக் கடன் பாக்கி. மூன்றாண்டு பாக்கி ரூ.18 லட்சம், நடுவருக்குப் போவதில் சிக்கல் இல்லை.

பழனி பாதயாத்திரை அன்னதானத்துக்கென்று குடும்பம் நடத்திய அறக்கட்டளையின் கணக்கையும் இளையவர் கேட்க விரும்பினார். அது அப்போதே தனியே எடுத்து வைக்கப்பட்டது. அந்தத் தர்மத்தின் பயன் பொதுமக்களுக்கு உரியது. அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. பொது அறக்கட்டளை நிர்வாகத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு தனி வழி வைத்திருக்கிறது. தனியார் அறக்கட்டளைத் தகராறுகூட நடுவருக்கு உரியதல்ல என்று விமல் கிஷோர் ஷா வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அன்னதானக் கணக்கை நடுவர் மனுவில் சேர்த்திருந்தால் மற்ற கோரிக்கைகளும் சேர்ந்து அடிபடும் ஆபத்து இருந்தது.

கடிதம் ஊருக்கு அனுப்பப்பட்டது வேண்டுமென்றே செய்த மோசடி என்ற குற்றச்சாட்டும் இருந்தது. மோசடி என்று சொன்னாலே நடுவர் கைவிட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இன்னும் இருக்கிறது. அது பழைய நிலை. சகோதரர்கள் கூட்டாக நடத்திய ஓட்டல் ஒன்றைப் பற்றிய அய்யாசாமி வழக்கில் 2016இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குடும்பத்துக்குள் கணக்கு வழக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் ஏமாற்று நடுவரைத் தடுக்காது. ஒப்பந்தத்தையே கெடுக்கிற அல்லது பொதுவெளியைத் தொடுகிற கனமான மோசடிதான் தடுக்கும். 2020இன் அவிடெல் தீர்ப்பும் அந்த வழியில்தான் போனது. ஆகவே இந்தக் குற்றச்சாட்டும் நடுவரிடம் போகலாம்.

மீதமிருந்தது பங்கு ஒதுக்கீடு. உண்மையான சிக்கல் அதுதான்.

ஒடுக்குமுறைப் புகார்: இரண்டு நாடும் பிரியும் இடம்

சிறுபான்மைப் பங்குதாரரைப் பெரும்பான்மை நசுக்கினால், 2013 கம்பெனிச் சட்டத்தின் 241, 242 பிரிவுகளின் கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். இளையவருக்கு அந்தத் தகுதி இருந்தது. பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கோ, உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கோ இருந்தால் போதும். நான்கே உறுப்பினர் உள்ள கம்பெனியில் ஒருவர் என்றாலே கால் பங்கு. எனவே பங்கை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் குடும்பக் கம்பெனியில் இந்த வாசலை அடைப்பது கடினம்.

தீர்ப்பாயம் கொடுக்கக்கூடிய நிவாரணம் வலிமையானது. ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம், இயக்குநரை நீக்கலாம், கம்பெனியை நடத்தும் முறையை வகுக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மகனையும் கட்டுப்படுத்தலாம். இந்த அதிகாரத்தை நாடாளுமன்றம் தீர்ப்பாயத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. 430ஆவது பிரிவு சிவில் நீதிமன்றத்தைக்கூட விலக்குகிறது. அப்படியிருக்க, தனிப்பட்ட ஒப்பந்தத்தால் பிறந்த நடுவர் அந்த நிவாரணத்தைக் கொடுக்க முடியாது என்பது இந்திய நிலை. பம்பாய் உயர் நீதிமன்றம் 2014இல் ராகேஷ் மல்ஹோத்ரா வழக்கில் இதை விரிவாகச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு எச்சரிக்கையும் வைத்தது: நடுவர் ஷரத்திலிருந்து தப்பிக்க, வெறும் ஒப்பந்தத் தகராறுக்கு ஒடுக்குமுறை வேடம் போட்டு மனு செய்தால், தீர்ப்பாயம் வேடத்தைக் களைந்து நடுவரிடம் அனுப்பலாம்.

சிங்கப்பூர் வேறு திசையில் போயிருக்கிறது. டோமோலுகன் வழக்கில் 2015இல் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒடுக்குமுறைப் புகார் நடுவரிடம் போகலாம் என்றது. அவர்கள் பார்வையில் அது அடிப்படையில் பங்குதாரர்களுக்கு இடையேயான உறவு பற்றிய சச்சரவு. நாட்டு நலன் எதையும் அது தொடவில்லை. நடுவரால் கொடுக்க முடியாத நிவாரணம் தேவைப்பட்டால், உண்மை எது என்று நடுவர் முடிவு செய்யட்டும், அந்த முடிவை வைத்து நீதிமன்றம் உத்தரவிடட்டும் என்றார்கள். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ஃபுல்ஹாம் கால்பந்துக் கழக வழக்கில் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தது. இந்தியா, யாரிடம் நிவாரண அதிகாரம் இருக்கிறது என்று பார்க்கிறது. சிங்கப்பூரும் இங்கிலாந்தும், சண்டை எதைப் பற்றியது என்று பார்க்கின்றன. கேள்வியே வேறாக இருப்பதால் பதிலும் வேறாகிறது.

இதை எந்த உலக ஒப்பந்தமும் சமன் செய்யவில்லை. 1958இன் நியூயார்க் உடன்படிக்கை இதை வேண்டுமென்றே ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டிருக்கிறது. ஒரு தகராறு தன் நாட்டுச் சட்டப்படி நடுவர் தீர்வுக்கு உரியதல்ல என்றால், அந்த நாட்டு நீதிமன்றம் வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கலாம். இந்திய நடுவர் சட்டத்தின் 48(2)(அ) பிரிவு அதன் நேர் பதிவு.

எடுத்த முடிவும் காரணமும்

2022 இறுதியில் சென்னைத் தீர்ப்பாயத்தில் போட ஒடுக்குமுறை மனு தயாராகிவிட்டது. மூன்றாண்டுக் காலவரம்பு 2024 நவம்பர் வரை இருந்ததால் அவசரம் இல்லை. 2023 ஜனவரியில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுபம் மிட்டல் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் விவரம் இந்தக் குடும்பத்தின் நிலைக்கு அச்சு அசலாக ஒத்திருந்தது: இந்தியக் கம்பெனி, ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம், இருக்கை சிங்கப்பூர், நிர்வாகத் தகராறும் நடுவருக்கு என்ற ஷரத்து, மும்பைத் தீர்ப்பாயத்தில் ஒடுக்குமுறை மனு.

அந்த நீதிமன்றம் இரண்டு படியாகப் பார்த்தது. நடுவர் ஷரத்துக்குப் பொருந்தும் சட்டம் அந்தத் தகராறை அனுமதிக்க வேண்டும். இருக்கையின் சட்டமும் அனுமதிக்க வேண்டும். ஷரத்துக்கு இந்தியச் சட்டம் என்று கொண்டால் ஒடுக்குமுறைப் புகார் நடுவருக்குப் போகாது. அப்போது 'நிர்வாகத் தகராறும் நடுவருக்கு' என்று எழுதியதே வீணாகிவிடும். கட்சிக்காரர்கள் அதை விரும்பியிருக்க முடியாது என்பதால், ஷரத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டமே பொருந்தும் என்று முடிவு செய்து, மும்பை மனுவைத் தொடரக்கூடாது என்ற தடையை உறுதி செய்தது.

இந்தத் தடை இந்தியத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. அது மனுதாரரின் ஆளைக் கட்டுப்படுத்துகிறது. மீறினால் சிங்கப்பூரில் நீதிமன்ற அவமதிப்பு. இந்தியாவில் வாழ்பவருக்கு அது எட்டத்து மிரட்டலாக இருக்கலாம். இளையவருக்கு அப்படியில்லை. அவர் வேலையும் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பள்ளியும் சிங்கப்பூரில். அண்ணன் அங்கே போய்த் தடை வாங்கினால், சென்னை மனுவை அவரால் ஒரு அடிகூட நகர்த்த முடியாது.

ஆனால் நேர்மாறாக, ஒடுக்குமுறைப் புகாரை அப்படியே சிங்கப்பூர் நடுவர் முன் வைத்து வென்றாலும் பயனில்லை. அண்ணனின் சொத்து முழுதும் சிவகங்கை மாவட்டத்தில். தீர்ப்பை நிறைவேற்ற இந்தியாவுக்கு வந்தால் 48(2)(அ) குறுக்கே நிற்கும். ஒரு பக்கம் அனுமதி உண்டு, நிறைவேற்ற வழியில்லை. மறுபக்கம் வழி உண்டு, அனுமதி இல்லை.

இதிலிருந்து வெளியேற எடுத்த முடிவு, கோரிக்கையை ஒப்பந்த மீறலாக மட்டும் எழுதுவது. 'ஒடுக்குமுறை' என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தவில்லை. ஒதுக்கீட்டை ரத்து செய், இயக்குநரை நீக்கு என்று கேட்கவில்லை. விகிதத்தை மாற்றமாட்டேன் என்ற சொந்த வாக்குறுதியை மூத்தவர் மீறினார். ஆகவே அதே ஒப்பந்தத்தின்படி என் பங்குகளை 26 விழுக்காட்டு மதிப்பில் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். ரூ.3.12 கோடியும் ஆண்டுப் பாக்கி ரூ.18 லட்சமும் சேர்ந்து ரூ.3.30 கோடி, வட்டி தனி. இது இரண்டு ஆட்களுக்கு இடையேயான பணக் கோரிக்கை. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் நடுவருக்கு உரியது.

இதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. மகன் 2014 ஒப்பந்தத்தில் இல்லை. அவர் கையிலிருந்த 28,000 பங்கு தொடப்படாமலே போனது. கம்பெனியில் நீடிக்க வேண்டும் என்ற ஆசையையும் இளையவர் விட வேண்டியிருந்தது. கம்பெனியை எதிர்த்து விகித ஷரத்தை நிறைவேற்றக் கேட்கவும் முடியவில்லை. சங்க விதிகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியைக் கட்டாது என்று, அதுவும் ஒரு குடும்பக் கம்பெனியைப் பற்றிய ரங்கராஜ் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு பங்கு மாற்றம் பற்றியது. ஆனாலும் அந்த விவாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

தொடர்ந்து நடந்தது

2023 ஏப்ரலில் நடுவர் கோரல் அறிவிப்பு அனுப்பப்பட்டது. கூடவே, மேலும் பங்கு ஒதுக்காமலிருக்க இடைக்கால உத்தரவு கேட்டு நடுவர் சட்டத்தின் 9ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, இருக்கை வெளிநாட்டில் இருந்தாலும் இந்த வழி திறந்திருக்கிறது. மூத்தவர் தரப்பு அப்படி ஒதுக்கமாட்டோம் என்று உறுதிமொழி தந்ததால் அத்துடன் முடிந்தது.

நடுவர் முன் மூத்தவர் எழுப்பிய முதல் ஆட்சேபம் எதிர்பார்த்ததே: இது ஒப்பந்த வேடம் போட்ட ஒடுக்குமுறைப் புகார், இந்தியத் தீர்ப்பாயம் மட்டுமே விசாரிக்க முடியும். ராகேஷ் மல்ஹோத்ரா தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பிய வாதம் இது. நடுவர் கோரிக்கையின் கடைசிப் பத்தியைப் பார்த்தார். கேட்கப்பட்டது பணம், கேட்கப்பட்டவர் கையெழுத்திட்டவர். ஆட்சேபம் தள்ளப்பட்டது. நிவாரணப் பத்தியில் 'ஒதுக்கீட்டை ரத்து செய்யவும்' என்ற ஒரு வரி மாற்றுக் கோரிக்கையாக இருந்திருந்தாலும் இந்தக் கட்டம் இவ்வளவு எளிதாகப் போயிருக்காது. நிவாரணப் பத்தியை வழக்கத்துக்காக நீட்டி எழுதும் பழக்கம் இங்கேதான் கேடு செய்கிறது.

அதே 2023 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுபம் மிட்டலின் பக்கம் ஒரு இடைக்கால உத்தரவு கொடுத்தது. ஒடுக்குமுறைப் புகாரை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. நடுவர் வழி சென்றால் கிடைக்கும் தீர்ப்பை இந்தியாவில் நிறைவேற்ற முடியாது. ஆகவே சிங்கப்பூர்த் தடையை எதிர்த்தரப்பு செயல்படுத்தக்கூடாது என்றது. இளையவர் உடனே கேட்டார்: "அப்போ நாமும் சென்னைக்கே போயிருக்கலாமே?" அந்தப் பதில் தெளிவாகச் சொல்லப்பட வேண்டியது. பம்பாய் உத்தரவு பாதுகாத்தது இந்தியாவில் வாழும் மனுதாரரை, அதுவும் அந்த எதிர்த்தரப்பு இந்திய நீதிமன்றத்தின் கைக்கு எட்டியதால். சிங்கப்பூரில் வாழும் ஒருவரை அங்குள்ள அவமதிப்பு நடவடிக்கையிலிருந்து எந்த இந்திய உத்தரவும் நேரடியாகக் காப்பாற்றாது. வழி மாற்றப்படவில்லை.

விசாரணையில் அதிகக் காலம் எடுத்தது சட்ட விவாதம் அல்ல, ஆவணங்கள். விடுதிக் கணக்கும் பேரேடும் தமிழில். எல்லாவற்றுக்கும் சான்றிட்ட மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. மதிப்பீட்டு நாள் ஒதுக்கீட்டுக்கு முந்தைய நாளா, நடுவர் அறிவிப்பு நாளா என்பதிலும் சச்சரவு. 'பழைய விகிதத்தின்படி' என்று சொன்ன ஷரத்து எந்த நாள் மதிப்பு என்று சொல்லவில்லை. நடுவர் முந்தைய நாளை எடுத்துக்கொண்டார்.

2024 இறுதியில் தீர்ப்பு வந்தது: ரூ.3.30 கோடியும் வட்டியும். பணம் கிடைத்ததும் 26,000 பங்குகளையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்ற மனு போடப்பட்டது. மூத்தவர் 48(2)(அ)ஐ எழுப்பினார். தீர்ப்பின் எந்தப் பத்தியும் கம்பெனியின் பங்குப் பதிவேட்டையோ நிர்வாகத்தையோ தொடவில்லை என்பது பதில். அது முடிவாகும் முன் இரண்டு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. மொத்தம் ரூ.3 கோடி, மூன்று தவணை. முதல் தவணையோடு பங்குகள் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வக்கீலிடம் ஒப்படைப்பு, கடைசித் தவணையோடு மாற்றம். தவணைகள் தவறாமல் வந்தன. அன்னதான அறக்கட்டளைக் கணக்கு தனியே, பங்காளிகள் நியமித்த தணிக்கையாளர் வழியாக, வழக்கில்லாமல் முடிந்தது.

இனி எழுதும் ஒப்பந்தத்தில் மாற வேண்டியவை

நடுவர் ஷரத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று தனி வரியில் எழுத வேண்டும். சிங்கப்பூர் இருக்கையை வைத்துக்கொண்டு ஷரத்துக்கு இந்தியச் சட்டம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், மிட்டல் தீர்ப்பின் முதல் படியிலேயே ஒடுக்குமுறைப் புகார் நடுவரிடமிருந்து விலகியிருக்கும். சென்னை வழி அச்சமின்றித் திறந்திருக்கும். சொத்தும் கம்பெனியும் இங்கே இருக்க, கம்பெனியில் நீடிக்க விரும்பும் சிறுபான்மைப் பங்குதாரருக்கு அதுவே நல்லது. பணம் வாங்கிக்கொண்டு விலகத் தயாராக இருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. யார் எந்த நிலையில் இருக்கப்போகிறார்கள் என்று யோசித்த பிறகே இந்த வரியை எழுத வேண்டும்.

'எல்லாத் தகராறும்' என்ற சொற்றொடரை மட்டும் நம்பாமல், 241ஆவது பிரிவு மனுவுக்குரிய நிவாரணங்கள் தீர்ப்பாயத்துக்கு, பணமும் வாங்கல் கடமையும் நடுவருக்கு என்று பிரித்து எழுதலாம். விகித ஷரத்தைச் சங்க விதிகளிலும் சேர்க்க வேண்டும். அதோடு, பங்கு யாருக்குப் போனாலும், மகனோ மருமகளோ, அவர் ஒப்பந்தத்தில் சேரும் பத்திரம் எழுதிய பிறகே பங்கு பதிவாகும் என்ற நிபந்தனை வேண்டும். இந்த வழக்கில் அது இருந்திருந்தால் அந்த 28,000 பங்கும் நடுவரின் கைக்குள் வந்திருக்கும்.

உரிமைப் பங்குக் கடிதம் போக வேண்டிய முகவரிகளில் மின்னஞ்சலையும் வெளிநாட்டு முகவரியையும் விதியாகவே எழுத வேண்டும். 15 நாளுக்குப் பதிலாக 30 நாள் கெடு என்று வைத்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. மதிப்பீட்டு நாளை ஒரே சொற்றொடரில் குறித்துவிட வேண்டும்.

இளையவரின் உறவினர் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். அவருடைய குடும்பமும் ஊரில் ஒரு கம்பெனி வைத்திருக்கிறது, நடுவர் ஷரத்து கோலாலம்பூரை இருக்கையாகச் சொல்கிறது. அந்த ஒப்பந்தம் இப்போது திருத்தி எழுதப்படுகிறது.